எலுமிச்சைத் தோட்டமும் கால்குலேட்டரின் CF பட்டனும்

வருசா வருசம் ஒரே தொகை வந்தால் கால்குலேட்டரில் மூன்றாவது வரிசையில் இருக்கும் `N`, `I/Y`, `PV`, `PMT`, `FV` ஐந்தும் போதும். ஒரு வருசம் செலவு, ஒரு வருசம் ஒன்றுமில்லை, அடுத்த வருசம் கொஞ்சம், அப்புறம் நிறைய என்று பணம் தாறுமாறாக வரும்போதுதான் `CF` பட்டன் தேவைப்படுகிறது. பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நிதித் தேர்வுகளுக்குப் படிப்பவன் நான். என்னிடம் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் பிஏ டூ பிளஸ். இந்தப் பட்டனைப் பயன்படுத்துவதில் எனக்குப் பிடிபட்டதை ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன், புத்தகக் கணக்கு இல்லை, மாமாவின் எலுமிச்சைத் தோட்டக் கணக்கு.

மாமாவுக்குப் புளியங்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. (இப்போது தென்காசி மாவட்டம், 2019 வரைக்கும் திருநெல்வேலிதான், அவர் இன்னமும் திருநெல்வேலி என்றுதான் எழுதுகிறார்.) சும்மா கிடக்கும் நிலத்தில் எலுமிச்சை வைக்கலாமா, வைத்தால் கட்டுமா என்பது அவர் கேள்வி. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும், வட்டி எல்லாம் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் வருசவாரியாக எழுதினேன். குழி, கன்று, சொட்டுநீர்க் குழாய், வேலி, போர் எல்லாம் சேர்த்து முதலில் 4 லட்சம். முதல் இரண்டு வருசமும் தண்ணீர், உரம், ஆள் கூலி என்று வருசத்துக்கு 60 ஆயிரம் கையை விட்டுப் போகும். மூன்றாவது வருசம் வந்ததும் அவர் கையை விரித்தார்.

"ஏ மாப்ள, மூணாவது வருசம் நாலு காய் காய்க்கும், அது செலவுக்குச் சரியாப் போயிரும். மிச்சம் ஒண்ணுமே நிக்காது. அதை எதுக்கு எழுதுத, விட்டுரு."

"எழுதணும் மாமா, சைபர்னாலும் எழுதணும்" என்று சொல்லி ஒரு பூஜ்யத்தைப் போட்டேன். இந்தக் கட்டுரையில் பாதி அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான்.

நான்காவது வருசம் செலவு போக 1 லட்சத்து 20 ஆயிரம், ஐந்தாவது வருசம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஆறு, ஏழு, எட்டு மூன்று வருசமும் 2 லட்சத்து 40 ஆயிரம். ஒன்பதாவது வருசம் குழாய் மாற்ற வேண்டும், மோட்டார் வேலை வரும், அதனால் கையில் நிற்பது 90 ஆயிரம்தான். பத்தாவது வருசம் மறுபடியும் 2 லட்சத்து 40 ஆயிரம். அதற்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம். எல்லாம் மாமாவின் மதிப்பீடு, எலுமிச்சை விலை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். நாம் பார்க்கப்போவது இதை மெஷினில் எப்படிப் போடுவது என்பதை.

பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. எல்லாவற்றையும் ஆயிரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். 400000 என்று அடிக்கும்போது ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, 400 என்றால் தெரியும். ஐஆர்ஆர் என்பது போட்டதும் வந்ததும் எந்த வட்டியில் சரிக்குச் சரியாகுமோ அந்த வட்டி, சதவீதம் என்பதால் அது மாறாது. என்பிவி என்பது வரவு செலவு எல்லாவற்றையும் வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் நிற்கும் மிச்சம், அது மட்டும் ஆயிரத்தில் வரும், கடைசியில் மூன்று சைபர் சேர்த்துப் படித்தால் சரி.

இப்போது அடிப்பது இப்படி:

```
CF   2ND CLR WORK
400 +/- ENTER ↓
 60 +/- ENTER ↓   2 ENTER ↓
  0     ENTER ↓   1 ENTER ↓
120     ENTER ↓   1 ENTER ↓
180     ENTER ↓   1 ENTER ↓
240     ENTER ↓   3 ENTER ↓
 90     ENTER ↓   1 ENTER ↓
240     ENTER ↓   1 ENTER
```

முதலில் வருவது `CF0`, அது இன்றைக்குப் போடும் பணம், அதற்கு மட்டும் எத்தனை தடவை என்ற கேள்வி கிடையாது. அதன் பிறகு ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு திரை. `C01` என்பது தொகை, `F01` என்பது அந்தத் தொகை தொடர்ந்து எத்தனை வருசம் வருகிறது என்பது. 60 ஆயிரம் செலவு இரண்டு வருசம் அடுத்தடுத்து வருவதால் `F01` 2. இதில் தொடர்ந்து என்ற சொல் முக்கியம். 240 நான்கு வருசம் வருகிறதே என்று `F05`-ல் 4 போட்டுவிட முடியாது, ஏனென்றால் நடுவில் ஒன்பதாவது வருசம் 90 குறுக்கே நிற்கிறது. மூன்று வருசத்தை ஒன்றாகப் போட்டு, 90-ஐத் தனியாகப் போட்டு, கடைசி 240-ஐ மறுபடியும் தனியாகத்தான் போட வேண்டும். தொகையை அடித்ததும் `F` தானாகவே 1 என்று நிற்கும், அதனால் பழகினவர்கள் 1 அடிக்காமல் `↓`-ஐ இரண்டு தடவை தட்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் 1-ஐயும் அடித்துவிடுவது நல்லது, கண் அந்தத் திரையில் ஒரு விநாடி நிற்கும்.

`ENTER` அழுத்தாமல் `↓` தட்டினால் நீங்கள் அடித்த எண் காற்றோடு போய்விடும், பழைய மதிப்பே இருக்கும். செலவைப் போடும்போது கழித்தல் பட்டனைத் தொடக் கூடாது, எண்ணை அடித்துவிட்டு அப்புறம் `+/-`. இந்த இரண்டும் விரலுக்குப் பழகினால் போதும், அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அடுத்து விடை:

```
NPV  12 ENTER  ↓  CPT
IRR  CPT
```

என்பிவி 113.81 என்று வரும், அதாவது சுமார் 1 லட்சத்து 13 ஆயிரத்து 800 ரூபாய். ஐஆர்ஆர் 15.64. அந்த 15.64-ஐயே `NPV`-யில் வட்டியாகக் கொடுத்துப் பாருங்கள், 0.05 வரும். சைபர் வரவில்லையே என்று சிலர் பதறுவார்கள். உள்ளே இருக்கிற ஐஆர்ஆருக்குப் பின்னால் இன்னும் நிறைய தசம இலக்கங்கள் உண்டு, நாம் இரண்டோடு நிறுத்திக் கொடுத்ததால் வந்த மிச்சம் அது, நம் கணக்கில் வெறும் 50 ரூபாய்.

இது வரைக்கும் எந்த வீடியோவிலும் கிடைக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான். இந்தக் கால்குலேட்டர் எதை அடித்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். தப்பாக அடித்தாலும் 113.81 போலவே இரண்டு தசமத்தோடு ஒரு விடை வந்து நிற்கும், பார்த்தால் சரியான விடைபோலவே இருக்கும். அதனால் விடையைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது, போட்ட எண்களைச் சரிபார்க்க ஒரு வழி வேண்டும். என் வழி இரண்டு கூட்டல்.

முதல் கூட்டல், வட்டியைச் சைபராக வைப்பது. `NPV` அழுத்தி `0 ENTER ↓ CPT`. வட்டியே இல்லை என்றால் என்பிவி என்பது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்த வெறும் கூட்டல்தான். மாமாவின் தாளில் வரவு எல்லாம் சேர்த்து 1350, செலவு 520, மிச்சம் 830. மெஷினும் 830 என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் எங்கேயோ தொகை தப்பு, குறி தப்பு, அல்லது எத்தனை தடவை என்பது தப்பு.

எவ்வளவு தப்பு என்பதும் துப்புக் கொடுக்கும். ஆபீசில் ஒரு தம்பி இதே கணக்கைப் போட்டபோது 12 சதவீதத்தில் அவனுக்கு என்பிவி 913.81 வந்தது. மாமா கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று சிரித்தோம். சைபர் வட்டிக்கு 1630 வந்தது, வர வேண்டியது 830, வித்தியாசம் 800. குறி மாறிப்போனால் வித்தியாசம் எப்போதும் அந்தத் தொகையின் இரட்டிப்பாகத்தான் இருக்கும், அதனால் 800-ல் பாதி 400, `CF0`-வில் `+/-` விட்டுப்போயிருக்கிறது என்று மெஷினைத் திறந்து பார்க்காமலே சொல்லலாம். எல்லாத் தொகைக்கும் குறியை விட்டுவிட்டால் அது வேறு மாதிரி, `IRR` கேட்டவுடனே `Error 5` வரும். வரிசையில் கூட்டலும் கழித்தலும் கலந்து வராவிட்டால் ஐஆர்ஆர் என்று ஒன்று கிடையாது, மெஷின் அதைத்தான் சொல்கிறது. உண்மையில் இந்த விசயத்தில் மெஷின் செய்யும் ஒரே உபகாரம் அந்த `Error 5`தான்.

இன்னொரு தப்பு இதைவிடக் கள்ளத்தனமானது, பழைய கணக்கின் மிச்சம். இந்தக் கால்குலேட்டரை அணைத்துப் போட்டாலும் உள்ளே இருப்பது அழியாது. `CE|C` தட்டினால் திரை மட்டும்தான் அழியும். `2ND CLR TVM` அழிப்பது `N` முதல் `FV` வரை உள்ள ஐந்து பட்டனை மட்டும். `CF` அழுத்தி அதன் உள்ளே போன பிறகு `2ND CLR WORK` தட்டினால்தான் இந்தப் பட்டியல் துடைக்கப்படும். முந்தின கணக்கில் `C08`-ல் 500 என்று ஏதோ இருந்தது, துடைக்காமல் நம் தோட்டத்தை அதன் மேலேயே அடித்துக்கொண்டு போனோம் என்று வையுங்கள். `C07` வரைக்கும் புதுசு, `C08` பழசு. மாமா நினைத்தே பார்க்காத பதினோராவது வருசத்தில் 5 லட்சம் வந்து விழும், என்பிவி 257.55 ஆகிவிடும். நீங்கள் அடித்த ஒவ்வொரு எண்ணையும் மேலும் கீழும் போய்ப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் `C07`-க்குக் கீழே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சைபர் வட்டிக் கூட்டல் இங்கே 1330 என்று காட்டி, 500 அதிகம் என்று நேராகப் போட்டுக்கொடுத்துவிடும். கீழே போய் `C08`-ஐப் பிடித்து `2ND DEL` தட்டினால் போதும்.

சரி, 830 வந்துவிட்டால் நிம்மதியா? இல்லை. மாமா விட்டுவிடச் சொன்ன அந்தச் சைபருக்கு வருவோம்.

மூன்றாவது வருசத்தை எழுதாமல் விட்டுப் போட்டுப் பாருங்கள். 60 இரண்டு தடவை, நேராக 120. சைபர் வட்டிக் கூட்டல் அப்போதும் 830தான், சைபரைக் கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன. ஆனால் கால்குலேட்டருக்கு வருசம் என்பதே தெரியாது, அதற்குத் தெரிந்தது வரிசை மட்டும்தான். 120-ஐ மூன்றாவது வருசம் என்று எடுத்துக்கொள்ளும், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வரவும் ஒவ்வொரு வருசம் முன்னால் நகர்ந்துவிடும். 12 சதவீதத்தில் என்பிவி 113.81-க்குப் பதில் 187.64. ஐஆர்ஆர் 15.64-லிருந்து 18.85-க்கு ஏறிவிடும். ஒரு ரூபாய்கூடக் கூடாமல் குறையாமல், மரம் ஒரு வருசம் முந்திக் காய்த்ததாக ஆனதற்கே இந்த வித்தியாசம். 74 ஆயிரம் ரூபாய் வானத்திலிருந்து வந்த மாதிரி. 17 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது, வாங்கலாமா என்று யாராவது கேட்டிருந்தால் இந்த ஒரு சைபரில் பதில் தலைகீழாகப் போயிருக்கும்.

இதற்குத்தான் இரண்டாவது கூட்டல். `F01`-லிருந்து கடைசி `F` வரைக்கும் கூட்டுங்கள். 2, 1, 1, 1, 3, 1, 1. மொத்தம் 10. தாளில் கடைசி வருசம் 10. இரண்டும் ஒன்றானால் எல்லாத் தொகையும் அதனதன் வருசத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சைபரை விட்டிருந்தால் 9 வந்திருக்கும். விட்டுப்போனதைச் சேர்க்க முழுதும் திரும்ப அடிக்க வேண்டாம், 120 நிற்கிற `C02`-க்குப் போய் `2ND INS` தட்டி, `0 ENTER ↓ 1 ENTER` போட்டால் மற்றதெல்லாம் ஒரு இடம் கீழே தள்ளி உட்கார்ந்துகொள்ளும். `F02` 1 என்று நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டு கூட்டலுக்கும் தப்பிக்கிற தப்பு ஒன்று இருக்கிறது, இரண்டு தொகைகள் இடம் மாறுவது. 180-ஐ நான்காவது வருசத்திலும் 120-ஐ ஐந்தாவது வருசத்திலும் போட்டால் 830-ம் சரி, 10-ம் சரி. அதைப் பிடிக்கத் தாளை வைத்துக்கொண்டு `↓` தட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தாளே எழுதாமல் கேள்வியைப் படித்துக்கொண்டே அடிக்கிறவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

எக்செல்லில் போட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேனே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே `NPV` என்ற ஃபங்ஷன் முதல் எண்ணையே ஒரு வருசம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குப் போடும் 400-ஐ அதற்கு உள்ளே விடக் கூடாது, வெளியே வைத்துக் கூட்ட வேண்டும். `B1`-ல் -400, `B2` முதல் `B11` வரை பத்து வருசம் என்றால்:

```
=NPV(12%,B2:B11)+B1
```

எல்லாவற்றையும் உள்ளே விட்டால் 101.62 வரும், அது 113.81-ஐ 1.12-ஆல் வகுத்த எண். கால்குலேட்டருக்கும் எக்செல்லுக்கும் இப்படிச் சரியாக ஒரு வருச வட்டி அளவு வித்தியாசம் வந்தால் கால்குலேட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். இன்னொன்று, மூன்றாவது வருசத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல் அதைச் சைபராக எடுக்காது, அப்படி ஒரு வருசமே இல்லாத மாதிரி தாண்டிப் போய்விடும். அதே 187.64 அங்கேயும் வந்து நிற்கும், இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நாம் சந்தோசப்படுவோம். அங்கேயும் 0 என்று அடிக்கத்தான் வேண்டும்.

பழைய எச்பி 12சி வைத்திருப்பவர்கள் என்றால் பட்டன்தான் வேறு, `F`-க்குப் பதில் `Nj`, `+/-`-க்குப் பதில் `CHS`. இரண்டு கூட்டலும் அப்படியே பொருந்தும்.

வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வருசத்துக்கு எத்தனை தவணை என்று சொல்லும் `P/Y`-யை 12 என்று மாற்றி வைத்திருந்தால் இந்தப் பட்டியலையும் மாதக் கணக்காக மெஷின் எடுத்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். `CF` அதைக் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் அடித்த வரிசை மாதவாரியாக இருந்தால் `I`-யில் மாத வட்டியைத்தான் கொடுக்க வேண்டும், வருகிற ஐஆர்ஆரும் மாதத்துக்கானது. மாதச் சீட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு ஐஆர்ஆர் ஒரு சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்கியவரைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு சதவீதம் என்றால் கூட்டு வட்டியில் வருசத்துக்கு 12.68.

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். "மரத்தைப் பிடுங்கி நெலத்தைச் சரி பண்ண ஒரு செலவு வருமே, அதைப் போடலியே?" நல்ல கேள்வி. பதினோராவது வருசம் 150 செலவு என்று சேர்த்தோம், 12 சதவீதத்தில் என்பிவி 70.69-க்கு இறங்கியது, அப்போதும் கட்டுபடியாகிறது. ஆனால் இப்படிக் கடைசியிலும் ஒரு கழித்தல் வந்துவிட்டால் ஐஆர்ஆரைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். குறி ஒரு தடவைக்கு மேல் மாறும் வரிசைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஐஆர்ஆர் இருக்கலாம், கால்குலேட்டர் அதில் சைபருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் காட்டும், இன்னொன்று இருக்கிறது என்று வாயே திறக்காது.

சின்னதாகப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு கல் குவாரி, இன்றைக்கு 100 போடுகிறோம், அடுத்த வருசம் 240 வருகிறது, அதற்கடுத்த வருசம் பள்ளத்தை மூடி வேலி போட 143 போகிறது. `IRR CPT` அடித்தால் 10.00 என்று வரும். 12 சதவீதக் கடனுக்கு இது ஆகாது என்று தோன்றும். ஆனால் `NPV`-யில் 20 கொடுத்துப் பாருங்கள், 0.69 லாபம். 30 கொடுத்தால் சைபர், 40 கொடுத்தால் 1.53 நட்டம். 10-க்கும் 30-க்கும் நடுவில் மட்டும் கட்டுகிற வினோதமான தொழில் அது, சைபர் வட்டிக்குக் கடன் கிடைத்தால்கூட 3 நட்டம். குறி எத்தனை தடவை மாறுகிறது என்பதைத் தாளில் எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் `IRR`-ஐ விட்டுவிட்டு `NPV`-யில் 0, 10, 20, 30 என்று வட்டியை மாற்றி மாற்றி அடித்துவிடுகிறேன். பட்டியல் உள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு தடவையும் நாலு பட்டன்தான் வேலை.